காகிதக் கப்பில் மொச்சை: ஒரு யு.கே.ஜி. வகுப்பின் நிகழ்வு ஆய்வு

ஐந்து வயதுப் பிள்ளையிடம் "ஒரு செடி வரை" என்று சொல்லிப் பாருங்கள். நேராக ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு இலை, உச்சியில் ஐந்து இதழோடு ஒரு பூ. இடம் மிச்சமிருந்தால் மூலையில் ஒரு சூரியன். அந்தப் படத்துக்குச் செடியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டும் வரையலாம்.

கப்பில் பயறு போட்டு வளர்க்கும் பாடம் எல்லா மழலையர் வகுப்பிலும் நடக்கிறது. தினமும் படம் வரையச் சொல்வதும் புதிதல்ல. ஆனால் சேர்த்துவைத்த தாள்களைப் புரட்டினால் பெரும்பாலும் இந்த ஒரே படம்தான் அளவு மாறி மாறி வந்துகொண்டிருக்கும். செடி வளர்ந்திருக்கும், பிள்ளை பார்த்திருக்காது. அந்தப் படத்தை எப்படி உடைப்பது என்பதுதான் இங்கே கேள்வி. மதுரை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரின் நர்சரிப் பள்ளியில், என் யு.கே.ஜி. வகுப்பில், 24 பிள்ளைகளோடு ஓர் ஆடி மாதம் செய்ததை எழுதுகிறேன்.

விதையும் கப்பும்

பச்சைப்பயறு சீக்கிரம் முளைக்கும். ஆனால் ஐந்து வயது விரலுக்கும் கண்ணுக்கும் அது மிகச் சிறிசு. பட்டாணி, கொண்டைக்கடலை இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றின் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், குருத்து மட்டும்தான் வெளியே வரும். மொச்சையும் தட்டைப்பயறும் அப்படியில்லை. போட்ட விதையே மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வருவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கலாம். மொச்சை பெரிசு, கையில் நிற்கும். ஒரு விளிம்பில் வெள்ளைக் கோடு மாதிரி புடைத்த கண் வேறு இருக்கும், வரைவதற்கென்றே வைத்தது போல. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊறவைத்துப் பிதுக்கிய மொச்சை வீட்டுக் குழம்பில் தெரிந்த சங்கதியும்கூட.

விதைக் கடையில் வாங்க வேண்டாம். அங்கே வரும் விதைகளில் பல மருந்து கலந்தவை. சிவப்போ ரோஸோ சாயம் ஏறியிருந்தால் பிள்ளைகள் கைக்குப் போகவே கூடாது. மளிகைக் கடையின் காய்ந்த மொச்சை போதும். தை, மாசியில் அறுத்தது ஆடிக்குள் கெட்டுப்போகாது. ஓட்டை விழுந்ததைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், அது வண்டு தின்ற விதை. பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். எட்டு முளைத்தது. அதனால் கப்புக்கு இரண்டு விதை என்று வைத்தோம். ஒன்று ஏமாற்றினாலும் பிள்ளை அழாது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் விதை மூக்குக்குள் போவது சகஜம். காய்ந்த பயறு உள்ளே ஈரத்தில் ஊதிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். பச்சை மொச்சையை வாயில் போடவும் விடக்கூடாது.

கப் 200 மில்லி ஜூஸ் கப். டீக்கடை சின்ன கப் ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது. அடியில் கோணூசியால் மூன்று ஓட்டை. ஓட்டையில்லாத கப்பில் தண்ணீர் தேங்கி விதை அழுகும், வாடை அடிக்கும். மண் விஷயத்தில் செம்மண்ணை மட்டும் நம்பக்கூடாது. மேலே ஓடு கட்டிவிட்டால் முளை அதை உடைக்க முடியாமல் கழுத்து ஒடிந்துபோகும். செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவைப் பாதிக்குப் பாதி கலந்தோம். இரவு ஊறிய விதையைப் பிள்ளையின் ஆள்காட்டி விரலில் முதல் கணு வரை குழி போட்டு வைத்து மூடினோம். தண்ணீர் தினம் மூன்று பாட்டில் மூடி, அதுவும் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரம் இல்லையென்றால் மட்டும்.

எந்தக் கிழமை விதைப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பாதி வெற்றி அதில்தான். எங்கள் வெயிலுக்கு மொச்சை நாலாம், ஐந்தாம் நாளில் மண்ணைப் பிளக்கும். செவ்வாய்க்கிழமை போட்டால் அந்த நேரம் சனி, ஞாயிறில் விழும். திங்கள் காலை வந்தால் செடி நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும், பார்க்க வேண்டிய காட்சி போயிருக்கும். அதனால் வியாழன் ஊறப்போட்டு வெள்ளி விதைத்தோம். விடுமுறையில் மண்ணுக்கு வெளியே ஒன்றும் நடக்காது. செவ்வாய், புதனில் முளை வரும்போது எல்லாரும் வகுப்பில் இருப்பார்கள்.

முதல் தாள்கள்

காய்ந்த விதையை முதலில் வரைந்தார்கள். ஏ4 தாளில் பாதி, கறுப்புப் பென்சில், ரப்பர் கிடையாது. தவறிப் போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போடலாம் என்று சொல்லியிருந்தேன். ரப்பர் கொடுத்தால் பத்து நிமிடமும் அழிப்பதிலேயே போய்விடும். கலர் கிரயான்ஸும் கொடுக்கவில்லை. கையில் கிரயான் வந்தால் நிரப்பும் வேலை தொடங்கிவிடும், பார்க்கும் வேலை நின்றுவிடும்.

பெரும்பாலானவர்கள் வட்டம் போட்டார்கள். வெள்ளைக் கோட்டை வரைந்தவர்கள் நாலைந்து பேர். "தப்பு" என்று யாரிடமும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விதையை விரலால் தடவச் சொன்னேன். "மிஸ், ஒரு பக்கம் மேடா இருக்கு" என்றான் ஒருவன். எது மேடு என்று கண்ணைத் திறந்து தேடினார்கள். இரண்டாம் தாளில் பாதிப் பேருக்கு மேல் கோடு வந்துவிட்டது. மறுநாள் ஊறிய விதையைப் பக்கத்தில் காய்ந்த விதையோடு வைத்து வரைந்தபோது தோல் சுருக்கத்தைக்கூட ஒரு சிறுமி குட்டிக் குட்டி அலைகளாகப் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமைதான் சங்கடம். மண் மட்டும் தெரிகிறது. என்ன வரைவார்கள்? பாதிப் பேர் பூவோடு செடி வரைந்துவிட்டார்கள். பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை விட மனதுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்று பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே 1927-லேயே எழுதிவைத்திருக்கிறார். மனதுக்குத் தெரிந்த 'செடி' எதிரே மண்தான் இருந்தாலும் வந்துவிடுகிறது. சிலர் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்க்கத்தானே சொன்னோம்?

இதற்கு முன்கூட்டியே ஒரு வழி வைத்திருந்தோம். பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் இருபது விதை கூடுதலாகப் போட்டு, அதற்குத் 'தோண்டித் தொட்டி' என்று பெயர். தினமும் ஒரு பிள்ளை அதிலிருந்து ஒரு விதையை ஸ்பூனால் எடுக்கும். வெள்ளைத் தட்டில் வைத்து எல்லாரும் பார்ப்பார்கள். எடுத்த விதை திரும்ப மண்ணுக்குப் போகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். திங்களன்று எடுத்ததில் வேர் விரல் நகம் நீளத்துக்கு வந்து கீழே வளைந்திருந்தது. அப்புறம்தான் தாளில் ஒரு கோடு கிழித்து, "கோட்டுக்கு மேலே கண்ணால பார்த்தது, கீழே தட்டுல பார்த்தது" என்று சொன்னேன். மேல் பாதியை வெறுமையாக விட்டவர்களைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். ஒன்றும் இல்லை என்பதை ஒன்றும் இல்லாமல் வரைவது இந்த வயதுக்குப் பெரிய காரியம். அம்மாக்களில் ஒருவர் மட்டும் "பேப்பரை வீணாக்கிருக்கான் மிஸ்" என்றார்.

கொக்கி

செவ்வாய் மத்தியானம் சில கப்புகளில் மண் விரிசல் விட்டது. புதன் காலை வந்தபோது பத்துப் பன்னிரண்டு கப்பில் வெளிர்பச்சையாக ஒரு வளைவு. இலை இல்லை, நுனி இல்லை. இரண்டு முனையும் மண்ணுக்குள் இருக்க, நடுமுதுகு மட்டும் வெளியே. பிள்ளைகள் அதைக் கொக்கி என்றார்கள், ஒருத்தி "குனிஞ்சு எதையோ தேடுது" என்றாள்.

அவரை, மொச்சை வகையில் தண்டு இப்படி வளைந்தே வெளியே வருகிறது. நுனிக் குருத்து மண்ணில் உரசிக் கிழியாமல், முதுகு முட்டி வழி உண்டாக்கும். விதையின் இரண்டு பருப்பும் பின்னால் இழுபட்டு வரும். வெளிச்சம் பட்டதும் வளைவு நிமிர ஆரம்பிக்கும். இந்த வெயிலில் முழுதாக நிமிர ஒரு நாள் ஆனாலே அதிகம்.

அன்றைக்கு மட்டும் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, வீட்டுக்குப் போகும் முன் ஒன்று என்று மூன்று தாள் கொடுத்தேன். மனப்பாடச் செடி உடைந்தது அன்றுதான். கொக்கிக்கு அவர்களிடம் தயார்ப் படம் எதுவும் இல்லை. பார்க்காமல் வரைய வழியே இல்லை. வழக்கமாகச் சூரியன் போடாமல் தாளைக் கொடுக்காத ஒரு பையன், தலையைச் சாய்த்துக் கப்பின் விளிம்போடு கண்ணை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தான். அவன் தாளில் இருந்தது இவ்வளவுதான்: கப்பின் விளிம்பு ஒரு கோடு, மண் ஒரு கோடு, ஒரு வளைவு, வளைவின் ஒரு காலில் ஒட்டிய மண் துணுக்கு. அந்தத் துணுக்கு நிஜமாகவே இருந்தது, நான் கப்பை எடுத்துச் சரிபார்த்தேன்.

எது பார்த்த படம், எது மனப்பாடப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அழகை வைத்து முடியாது. அந்தக் கப்புக்கு மட்டும் உரியதாக ஏதாவது ஒன்று தாளில் இருக்கிறதா என்று தேடுவேன். கிழிந்த இலை, விலகாத தோல், ஒரு பக்கச் சாய்வு என்று எதுவாகவும் இருக்கலாம். 24 தாளையும் கலைத்துப் போட்டு, "இது யார் கப்?" என்று மற்றப் பிள்ளைகளையே பொருத்தச் சொன்னால் ஆட்டமும் ஆச்சு, சோதனையும் ஆச்சு. கொக்கி நாளுக்கு முன் ஒரு தாளையும் யாராலும் பொருத்த முடியவில்லை. அதற்குப் பிறகு பாதித் தாள்கள் சரியான கப்புக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த வாரத்தில் ஒரு விபத்தும் நடந்தது. நிமிர்ந்த முளைகள் சிலவற்றில் விதைத்தோல் தொப்பி மாதிரி தலையில் மாட்டியிருந்தது. ஒரு பையன் உதவி செய்வதாக நினைத்துத் தொப்பியை இழுத்தான். ஒரு பருப்பும் கூடவே வந்துவிட்டது. தண்ணீர் தொட்டு நனைத்தால் தோல் தானே விலகும் என்பதை அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் காட்டினேன். அவன் செடி சாகவில்லை. ஒற்றைப் பருப்போடு மெலிந்து வளர்ந்தது. அடுத்து வந்த நாட்களில் வகுப்பே அதைப் போய்ப் பார்த்தது. அந்தப் பருப்பில்தான் குட்டிச் செடியின் சாப்பாடு இருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியே வரவில்லை. "அவன் செடிக்கு ஒரு டிபன் பாக்ஸ்தான் மிஸ்" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அதை அப்படியே அவன் தாளின் கீழே எழுதிவைத்தேன். பிள்ளை சொன்ன வார்த்தையைத்தான் எழுத வேண்டும். நாம் திருத்தி "செடி நன்கு வளர்ந்துள்ளது" என்று எழுதினால் 24 தாளும் ஒன்றாகிவிடும்.

நாடாவும் படமும்

இரண்டாம் வாரம் வேறொரு சிக்கல். ஐந்து வயதுப் பிள்ளை தாள் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குச் செடியை வரையும். நேற்றும் தாள் முழுக்கச் செடி, இன்றும் தாள் முழுக்கச் செடி. வரிசையாக ஒட்டிப் பார்த்தால் வளர்ந்த மாதிரியே தெரியாது. ஸ்கேல் இந்த வயதுக்கு ஒத்துவராது. அதனால் கலர்த்தாளை ஒரு விரல் அகல நாடாவாக வெட்டி, மண்ணிலிருந்து நுனி வரை பிடித்து, அந்த இடத்தில் கத்தரித்து, ஒரு சார்ட்டில் வரிசையாக ஒட்டினோம். இருவர் சேர்ந்தால்தான் முடியும், ஒருவர் பிடிக்க ஒருவர் வெட்ட. உயரத்தை நாடா சொல்லும், உருவத்தைப் படம் சொல்லும்.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே நாடா ஒரு தாவு தாவியது. அந்த இரண்டு நாளுக்கு இடம் விட்டுத்தான் ஒட்டச் சொன்னேன். விடாமல் ஒட்டினால், செடி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திடீரென்று வளர்ந்தது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

நாடா ஏமாற்றிய இடம் ஒன்று உண்டு. விதைத்த அன்றே ஒரு கப்பை அலமாரிக்குள் வைத்திருந்தோம். அதற்கும் அதே தண்ணீர்தான். இரண்டாம் வாரம் வெளியே எடுத்தபோது வகுப்பில் அதுதான் உயரம். நாடா மற்றதை விட ஒன்றரை மடங்கு. "இருட்டுலதான் நல்லா வளருது, எல்லாத்தையும் அலமாரியில வைப்போம்" என்று பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள். நாடாவை மட்டும் பார்த்தால் அவர்கள் சொன்னது நியாயம்தான். நான் ஒன்றும் மறுக்கவில்லை. அன்றைக்கு முதல் தடவையாகப் பச்சையும் மஞ்சளும் கிரயான்ஸ் கொடுத்து, அலமாரிச் செடியையும் சன்னல் செடியையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொன்னேன்.

வரைய வரையச் சத்தம் அடங்கியது. அலமாரிச் செடிக்குப் பச்சைக் கிரயான் தேவைப்படவே இல்லை. தண்டு வெள்ளை, இலை நகம் அளவு, நிறம் மஞ்சள். கப்பை அசைத்தால் தானாக நிற்கவில்லை, விரலைக் கொடுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. "இதுக்குக் காய்ச்சல்" என்றான் ஒருவன். வெளிச்சத்தைத் தேடி நீள்வதிலேயே சாப்பாட்டைச் செலவழித்த செடி அது. பச்சையம் உண்டாகவில்லை, தானே சமைக்க வழியில்லை. அதை அவர்களுக்கு அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. சன்னலில் வைத்ததும் இரண்டு மூன்று நாளில் இலை பச்சையேறியது. அந்த நாட்களின் தாள்களில் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம் வருவதற்காக ஒன்றன்மேல் ஒன்று தேய்த்திருந்தார்கள்.

சன்னல் கப்புகளில் இன்னொரு கதை. எல்லாச் செடியும் வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தன. ஆனால் ஒரே கப்பைப் பார்த்து எதிரெதிரே உட்கார்ந்த இருவரில், ஒருத்தி படத்தில் செடி வலது பக்கம் சாய்ந்திருந்தது, இன்னொருவன் படத்தில் இடது பக்கம். சண்டை வந்துவிட்டது. இடம் மாறி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து பார்த்துவிட்டு இருவரும் சிரித்தார்கள். மூன்றாவதாக ஒருத்தி சாய்வுக்கு நேர் எதிரே உட்கார்ந்து நேரான செடி வரைந்திருந்தாள். அதுவும் சரிதான். அன்றிலிருந்து கப்பில் பேர் எழுதிய பக்கம் வரைபவரைப் பார்க்க வேண்டும், சன்னலிலும் பேர் எப்போதும் உள்பக்கம் என்று விதி வைத்தோம். இப்படி ஒரு விதி இல்லாவிட்டால் நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

கேள்வியையும் மாற்ற வேண்டியிருந்தது. "இன்னைக்கு என்ன மாற்றம்?" என்றால் "பெருசாயிருச்சு" என்பதைத் தவிர வேறு பதில் வராது. நேற்றைய தாளைக் கையில் கொடுத்து, "இதுல இருக்கிறது, இன்னைக்கு செடியில இல்லாதது எது?" என்று கேட்டால் தேட ஆரம்பிக்கிறார்கள். பருப்பு இரண்டும் சுருங்கி விழுந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். மொச்சையில் இலையும் ஒரே மாதிரி வராது. முதலில் எதிரெதிரே இரண்டு தனி இலை, இதய வடிவில். அடுத்தது ஒரே காம்பில் மூன்று. "மூணு இலை" என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் மூன்றையும் தண்டில் தனித்தனியாக ஒட்டி வரைந்தார்கள். ஒரே காம்பில் வரைந்தவர்கள் ஆறு பேர்தான். கடைசி வரை அந்த எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. இந்த வயதில் அதை வற்புறுத்துவதில் பலன் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் எங்களைக் குழப்பியது. மாலையில் வேன் வரத் தாமதமாகி இருட்டும் வரை நின்ற இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து, செடி எல்லாம் வாடிவிட்டது, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார்கள். இலைகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் மண் ஈரம். அவரை இனத்து இலைகள் இரவில் மடிந்து பகலில் விரிபவை. வாட்டம் என்றால் இலை துவண்டு மெத்தென்று ஆகும், காம்பும் சேர்ந்து தொய்யும். இது விறைப்பாகவே இருக்கும், காம்படியில் மட்டும் மடியும். தெரியாமல் தினமும் ஊற்றினால் தண்டின் அடி பழுப்பாகி மெலிந்து செடி சாயும். அப்படி மூன்று கப் போனது. போன கப்புக்காரர்கள் தோண்டித் தொட்டியில் மிச்சமிருந்த செடிகளை எடுத்துக்கொண்டார்கள். பழைய செடியின் கடைசிப் படத்தையும் ஏட்டில் வைக்கச் சொன்னேன். சாய்ந்த செடியைச் சாய்ந்தபடியே வரைந்திருந்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஏடுகளை மேசையில் வைத்தோம். நன்றாக வரையும் பிள்ளை யார் என்று பலர் கேட்டார்கள். முதல் வாரத் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்து, எதில் சூரியன் இல்லை என்று காட்டினேன். சிலருக்குப் புரிந்தது. சிலர் "கலர் அடிச்சிருந்தா நல்லாருக்கும்" என்றார்கள், அது அவர்கள் ஆசை.

மூன்றாம் வாரம் முடியும்போது கப் போதவில்லை. வெட்டிப் பார்த்தால் வேர் அடியைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. கப்போடு அப்படியே நட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு, அது மக்காது, வேர் வெளியே வராமல் முடங்கும். கப்பைக் கிழித்து, மண் உருண்டை உடையாமல் வேலியோரம் நட்டோம். நாட்டு மொச்சை பகல் குறையும் காலத்தில்தான் பூக்கும். மார்கழி நெருங்கும் வரை கொடியும் இலையும்தான். ஆடு தாண்டாமல் முள் வைத்திருக்கிறோம், படர்வதற்குச் சவுக்குக் குச்சி நட்டிருக்கிறோம். இப்போது வாரம் ஒரு தாள், திங்கட்கிழமை மட்டும்.